வைஃபையை விடாத போன்

மாடி வீட்டிலிருந்து இறங்கி, வாசல் கேட்டருகே நின்று ஆட்டோ புக் செய்கிறவர்களுக்கு இது அடிக்கடி நடக்கும். ஆப் திறக்கும், வரைபடம் பாதி வந்து நின்றுவிடும், நடுவில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். போனின் மேல் ஓரத்தைப் பார்த்தால் வைஃபை ஒரு பாயிண்ட்டோ இரண்டு பாயிண்ட்டோ காட்டும். பக்கத்திலேயே மொபைல் சிக்னல் முழுசாக இருக்கும், ஆனால் போன் அதைத் தொடாது. பொறுமையிழந்து வைஃபையை அணைத்த மறுநொடி எல்லாம் தடதடவென்று ஓடத் தொடங்கும்.

போன் பழசாகிவிட்டது என்று சிலரும், நெட் கம்பெனி சரியில்லை என்று சிலரும் முடிவுகட்டுவார்கள். பெரும்பாலும் இரண்டும் காரணமில்லை. அந்த இரண்டு பாயிண்ட் எதை அளந்து சொல்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் கதை விளங்கிவிடும். வைஃபையை விடுவதா வேண்டாமா என்று முடிவுசெய்வது யார் என்பது மீதிக் கதை.

ரவுட்டர் சும்மா இருக்கும்போதும் சும்மா இருப்பதில்லை. 'நான் இன்னார், இந்தப் பெயர், இந்த சேனலில் இருக்கிறேன்' என்று ஒரு சிறு அறிவிப்பை ஓயாமல் காற்றில் விட்டுக்கொண்டே இருக்கும். இதற்கு பீக்கன் என்று பெயர். பெரும்பாலான ரவுட்டர்களில் 102.4 மில்லி விநாடிக்கு ஒரு பீக்கன், அதாவது விநாடிக்கு ஏறக்குறைய பத்து. போன் பாயிண்ட் காட்டுவது பெரும்பாலும் இந்த அறிவிப்பு எவ்வளவு பலமாகக் காதில் விழுகிறது என்பதை வைத்துத்தான்.

இந்த பீக்கனுக்கு இரண்டு சலுகைகள் உண்டு. ஒன்று, அதற்கு யாரும் பதில் சொல்ல வேண்டியதில்லை. இன்னொன்று, அது மிக மெதுவாக அனுப்பப்படுகிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் பல ரவுட்டர்கள் இன்றும் பீக்கனை விநாடிக்கு 1 மெகாபிட் வேகத்தில்தான் அனுப்புகின்றன. 1997இல் முதல் வைஃபை தரநிலை வந்தபோது இருந்த இரண்டே வேகங்களில் குறைந்தது அது. பழைய கருவியும் கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக அதை விட்டுவைத்திருக்கிறார்கள். மெதுவாகச் சொன்னால் தூரத்திலும் புரியும், வேகமாகச் சொன்னால் பக்கத்தில் இருந்தால்தான் புரியும். ரேடியோவில் இது மாறாத விதி. ஆகவே அறிவிப்பு போய்ச்சேரும் தூரமும் வீடியோ போய்ச்சேரும் தூரமும் ஒன்றல்ல. கேட்டருகே நிற்கும் போனுக்கு அறிவிப்பு எட்டுகிறது, வேலை நடப்பதற்கான வேகம் எட்டவில்லை.

இதை எண்ணில் பார்த்தால் இன்னும் தெளிவாகும். சிக்னல் பலத்தை dBm என்ற அளவில் சொல்வார்கள். வீட்டில் கிடைக்கும் அளவுகள் எல்லாமே மைனஸில் இருக்கும். பூஜ்யத்துக்கு எவ்வளவு பக்கமோ அவ்வளவு பலம். பத்து இறங்கினால் பலம் பத்தில் ஒரு பங்காகும், மூன்று இறங்கினால் ஏறக்குறைய பாதியாகும். ரவுட்டர் 100 மில்லிவாட் சக்தியில் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அதே ஹாலில் உட்கார்ந்திருக்கும் போனுக்கு -40ஐ ஒட்டிக் கிடைக்கும். ஒரு செங்கல் சுவர் தாண்டிப் படுக்கையறைக்குப் போனால் -50களில் இருக்கும். கான்கிரீட் தளத்துக்குக் கீழே தரைத்தளத்துக்கு வந்தால் -70ஐத் தொடும், கேட்டருகே -80. இந்தக் கணக்கு வீட்டுக்கு வீடு மாறும். தண்ணீர்த் தொட்டியோ இரும்புக் கதவோ பீரோவோ குறுக்கே இருந்தால் இன்னும் சரியும். -80 என்பது ரவுட்டர் அனுப்பிய சக்தியில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. அதையும் பிடித்துப் படித்துவிடுகிற அந்தச் சின்ன ஆன்டெனாவை மெச்சத்தான் வேண்டும்.

1 மெகாபிட் பீக்கனைப் படிக்க -80 தாராளம். ஆனால் வைஃபை தரநிலை 54 மெகாபிட் வேகத்துக்கு எதிர்பார்க்கும் குறைந்தபட்சப் பலம் -65, 6 மெகாபிட்டுக்கு -82. இன்றைய சிப்புகள் இதைவிடக் கொஞ்சம் கூர்மையான காது உடையவை என்றாலும் வித்தியாசத்தின் போக்கு இதுதான்.

இதில் பலரும் கவனிக்காத பாதி ஒன்று இருக்கிறது. பாயிண்ட் காட்டுவது ரவுட்டர் பேசுவது போனுக்குக் கேட்கிறதா என்பதை மட்டுமே. போன் பேசுவது ரவுட்டருக்குக் கேட்கிறதா என்பது அதில் இல்லை. ஆடி மாதத்தில் கோயில் ஒலிபெருக்கி மூன்று தெரு தாண்டியும் கேட்கும், ஆனால் நாம் அங்கிருந்து என்ன கத்தினாலும் மைக் முன்னால் இருப்பவருக்குக் கேட்காது. மின்சாரத்தில் செருகிய ரவுட்டருக்குச் சக்தியைப் பற்றிக் கவலையில்லை. பேட்டரியில் ஓடும் போன் அடக்கியே பேசும். போன் 25 மில்லிவாட்டில் அனுப்புகிறது என்று கொண்டால் அது ரவுட்டரின் கால் பங்கு, கணக்கில் 6 குறைவு. வழி இரண்டு பக்கமும் ஒன்றுதான், சுவரும் தளமும் அதே அளவுதான் தின்னும். ஆகவே போனுக்கு -80 கேட்கும் இடத்தில் ரவுட்டருக்கு -86தான் கேட்கும். அக்கம்பக்கத்து வீட்டு வைஃபைகளின் இரைச்சலும் அதன்மேல் விழும். போனின் குரல் ரவுட்டருக்குப் பெரும்பாலும் முணுமுணுப்புதான்.

இணையத்தில் எந்த வேலைக்கும் இரண்டு பேரும் பேசியாக வேண்டும். போன் ஒரு பொட்டலம் தகவல் அனுப்பினால் ரவுட்டர் உடனே 'வந்தது' என்று ஒரு சிறு ஒப்புகை தர வேண்டும். ஒப்புகை வராவிட்டால் போன் அதே பொட்டலத்தைத் திரும்ப அனுப்பும். அப்போதும் வராவிட்டால் வேகத்தைக் குறைத்து அனுப்பும். இப்படிப் பலமுறை முயன்றுவிட்டுத்தான் கைவிடும். வேகம் 1 மெகாபிட் வரை இறங்கிவிட்டால் 1,500 பைட் உள்ள ஒரு சாதாரணப் பொட்டலம் போக 12 மில்லி விநாடி பிடிக்கும். ரவுட்டர் பக்கத்தில் 65 மெகாபிட்டில் அதே பொட்டலத்துக்கு மில்லி விநாடியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது.

அதற்கு மேலே டிசிபி என்ற இன்னொரு அடுக்கு இருக்கிறது. இணையத்தின் மறுமுனைவரை தகவல் ஒழுங்காகப் போய்ச்சேர்கிறதா என்று பார்ப்பது அதன் வேலை. அதற்குச் சுவரும் தெரியாது, கேட்டும் தெரியாது. பொட்டலம் தொலைந்தால் வழியில் நெரிசல் என்று நினைத்துக்கொண்டு அடக்கி வாசிக்கத் தொடங்கும். பதில் வரவேயில்லை என்றால் கொஞ்சம் காத்திருந்து மறுபடி அனுப்பும், அடுத்தமுறை அதற்கு இருமடங்கு காத்திருக்கும், பிறகு அதற்கும் இருமடங்கு. நெரிசலுக்கு இது நல்ல மருந்துதான், பலவீனமான வைஃபைக்கு நேர் எதிரான மருந்து. கையில் சுற்றிக்கொண்டிருக்கும் வட்டத்தில் பெரும்பகுதி நேரம் போன் எதையும் அனுப்புவதே இல்லை, இந்த இடைவெளியில் சும்மா காத்துக்கொண்டிருக்கிறது.

இதனால் நஷ்டம் வாசலில் நிற்பவருக்கு மட்டுமில்லை. ஒரே சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். கேட்டருகே இருக்கும் போன் ஒரு பொட்டலத்துக்கு 12 மில்லி விநாடி பிடித்துக்கொண்டால் ஹாலில் படம் பார்த்துக்கொண்டிருக்கும் டிவி அவ்வளவு நேரம் வாய்மூடிக் காத்திருக்க வேண்டும். 2003இல் பிரான்சைச் சேர்ந்த மார்ட்டின் ஹூஸ் முதலான ஆய்வாளர்கள் இதை அளந்து காட்டினார்கள். மெதுவான ஒரே ஒரு கருவி சேர்ந்தால் அந்த வைஃபையில் உள்ள வேகமான கருவிகளும் ஏறக்குறைய அதன் வேகத்துக்கு இறங்கிவிடுகின்றன என்பது அவர்கள் கண்டது. புதிய ரவுட்டர்கள் ஆளுக்குச் சமநேரம் பங்கிட்டு இதைக் கொஞ்சம் சமாளிக்கின்றன. முழுக்கத் தீர்க்கவில்லை.

சரி, இவ்வளவு மோசமானால் போன் ஏன் விட்டுத்தொலைப்பதில்லை?

பஸ்ஸில் போகும்போது ஒரு டவரிலிருந்து அடுத்த டவருக்குப் போன் மாறுவதை நாம் உணர்வதேயில்லை. அங்கே முடிவெடுப்பது நெட்வொர்க். போன் எந்த டவர் எவ்வளவு கேட்கிறது என்று அளந்து அறிக்கை தரும், நிறுவனத்தின் கருவிகள் பார்த்து 'இந்த டவருக்குப் போ' என்று உத்தரவு போடும். எல்லா டவரும் ஒரே நிறுவனத்தின் பிடியில் இருப்பதால் இது நடக்கிறது. வைஃபையில் கதை தலைகீழ். இணைவதும் விலகுவதும் போனின் இஷ்டம். ரவுட்டர் கெஞ்சலாம், அடம்பிடித்தால் துண்டிக்கலாம், ஆனால் வேறு இடத்துக்குக் கொண்டுபோய் விட முடியாது. வைஃபைக்கும் மொபைல் டேட்டாவுக்கும் இடையே என்றால் இன்னும் மோசம். உங்கள் ரவுட்டருக்கு அந்த டவர் இருப்பதே தெரியாது, டவருக்கு ரவுட்டரைத் தெரியாது. இரண்டையும் ஒன்றாகப் பார்க்கக்கூடியது போனுக்குள் இருக்கும் ஆண்ட்ராய்டோ ஐஓஎஸோ மட்டும்தான்.

அது எப்படித் தீர்மானிக்கிறது என்பதை ஆண்ட்ராய்டின் பழைய பதிப்புகளில் வெளிப்படையாகவே பார்க்கலாம். ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. வைஃபைக்கு அதிகபட்சம் 60, மொபைல் டேட்டாவுக்கு 50. சிக்னல் மோசமாக மோசமாக வைஃபையின் மதிப்பெண் இறங்கும். 50க்குக் கீழே போனால்தான் மொபைல் டேட்டா முன்னுக்கு வரும். பந்தயம் தொடங்கும் முன்பே வைஃபைக்குப் பத்து மதிப்பெண் தானம். 2021இல் வந்த 12ஆம் பதிப்பிலிருந்து கூட்டிக் கழிக்கும் இந்த முறை போய், விதிகளின்படி வரிசைப்படுத்தும் முறை வந்தது. வைஃபைமீதான சாய்வு மட்டும் மாறவில்லை.

சாய்வுக்குக் காரணம் இருக்கிறது. இந்த ஏற்பாட்டின் அடியில் இருக்கும் அனுமானம் வைஃபை இலவசம், மொபைல் டேட்டா காசு என்பது. ஆப்பிள் இதில் ஒருமுறை சூடுபட்டது. 2015 செப்டம்பரில் வந்த ஐஓஎஸ் 9இல், வைஃபை மோசமானால் தானே மொபைல் டேட்டாவைத் துணைக்கு எடுக்கும் Wi-Fi Assist என்ற வசதி சேர்ந்தது, ஆரம்பத்திலேயே ஆன் செய்யப்பட்டிருந்தது. தெரியாமல் டேட்டா கரைந்து பில் ஏறியது என்று அடுத்த மாதமே கலிபோர்னியாவில் வழக்குத் தொடர்ந்துவிட்டார்கள். தினம் ஒன்றரை ஜிபி, இரண்டு ஜிபி என்று மூட்டையாக டேட்டா வாங்கி, பாதியைக்கூடத் தொடாமல் நள்ளிரவில் விட்டுவிடும் நம் ஊரில் அந்த அனுமானம் அவ்வளவாகப் பொருந்தாது என்பது என் எண்ணம். ஆனால் இங்கே விற்கும் போனிலும் அதே மனப்பான்மைதான் இருக்கிறது.

இன்னொரு காரணம் கொஞ்சம் ஆழமானது. வைஃபையில் போனுக்கு ஒரு முகவரி, மொபைல் டேட்டாவில் வேறு முகவரி. டிசிபி இணைப்பு ஒவ்வொன்றும் அந்த முகவரியோடு கட்டப்பட்டது. மாறினால் திறந்திருக்கும் எல்லா இணைப்பும் அறுந்துபோகும். பாதி இறங்கிய கோப்பு நிற்கும், பணம் அனுப்பும் ஆப் 'மீண்டும் முயலவும்' என்று சொல்லும். -79க்கும் -81க்கும் நடுவே சிக்னல் ஊசலாடும் இடத்தில் நிற்கும் போன் ஒவ்வொரு ஊசலுக்கும் மாறத் தொடங்கினால் எதுவுமே முடியாது. அதனால் வேண்டுமென்றே மந்தமாக நடந்துகொள்ளும்படி செய்திருக்கிறார்கள். ஒரு வைஃபையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதில் ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் கணக்கு இதற்கு நல்ல உதாரணம். சிக்னல் -70க்குக் கீழே போகும்வரை வேறு இடம் தேடவே தேடாது. தேடினாலும், டேட்டா ஓடிக்கொண்டிருக்கும்போது புதியது 8 டெசிபெல்லாவது பலமாக இருக்க வேண்டும், சும்மா இருக்கும்போது 12.

முகவரி மாறாமல் பார்த்துக்கொண்டால் இந்தச் சிக்கல் இல்லை என்பதற்குச் சாட்சி உங்கள் போனிலேயே இருக்கிறது. வைஃபை வழியாகப் பேசும் வசதியை ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இந்தியாவில் கொண்டுவந்தன. அதில் பேசிக்கொண்டே கேட்டைத் தாண்டினால் அழைப்பு அறுந்துபோகாமல் டவருக்கு மாற முடியும். வைஃபை வழியாகப் போனாலும் அழைப்பு நிறுவனத்தின் நுழைவாயிலுக்குப் போய்த்தான் வெளியே போகிறது. முகவரியைத் தருவது அந்த நுழைவாயில். கீழே பாதை மாறினாலும் முகவரி அப்படியே இருக்கும். மாறவேண்டிய நொடியில் போன் வைஃபையை விடத் தயங்கினால் குரல் விட்டுவிட்டுக் கேட்கும். வாசலில் தினமும் அப்படி ஆகிறதென்றால் போனின் Wi-Fi calling அமைப்பில் மொபைல் நெட்வொர்க்குக்கு முன்னுரிமை என்று மாற்றிவிடலாம். சாதாரண ஆப்களுக்கும் இதே சுகம் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. 2021இல் தரநிலையான குவிக் என்ற புதிய நெறிமுறை, இணைப்பை முகவரியோடு கட்டாமல் தனி அடையாள எண்ணோடு கட்டுகிறது. அதைப் பயன்படுத்தும் ஆப்களுக்கு முகவரி மாறுவது பெரிய விஷயமில்லை.

இனி பழுது பார்க்கும் வேலை. முதலில் நோய் இதுதானா என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும். வைஃபை சிக்னல் நன்றாக இருந்து, ரவுட்டருக்கு வரும் ஃபைபர் லைன் செத்துப்போயிருந்தாலும் போனில் அதே வட்டம்தான் சுற்றும். அது வேறு வியாதி. ஆண்ட்ராய்டு அதைக் கண்டுபிடிக்கக் கூகுளின் ஒரு முகவரிக்குப் போய் 204 என்ற பதில் வருகிறதா என்று பார்க்கும், வராவிட்டால் வைஃபையில் இணையம் இல்லை என்று சொல்லிவிடும். பலவீனமான சிக்னலில் இந்தச் சோதனை ஏமாந்துபோகும். அது மிகச் சிறிய கேள்வி, சிறிய பதில். தத்தித்தத்தியாவது போய் வந்துவிடும், வைஃபை பாஸாகிவிடும்.

நாமே பிரித்துப் பார்க்க எளிய வழி ரவுட்டரையே கூப்பிட்டுப் பார்ப்பது. ஆண்ட்ராய்டில் Termux போன்ற ஓர் ஆப்பைத் திறந்து, தொல்லை தரும் அதே இடத்தில் நின்று இதைத் தட்டுங்கள். முகவரி உங்கள் ரவுட்டருடையது, வைஃபை விவரங்களில் Gateway என்று இருக்கும்.

```
ping -c 20 192.168.1.1
```

கேள்வி ரவுட்டர்வரை மட்டும் போய்த் திரும்புகிறது, வெளி இணையத்தைத் தொடுவதில்லை. பதில்கள் சில மில்லி விநாடிகளில் ஒழுங்காக வந்தால் காற்றில் கோளாறில்லை, லைன்காரரைக் கூப்பிடலாம். ஒன்று 8, அடுத்தது 640, அடுத்தது வரவேயில்லை என்று தாறுமாறாக வந்தால் இதுவரை பேசிய நோய்தான். கூடவே dBm அளவையும் பார்த்துவிட வேண்டும். ஆண்ட்ராய்டில் WiFiAnalyzer போன்ற ஆப்கள் காட்டும். ஐபோனில் ஆப்பிளின் AirPort Utility ஆப்புக்கான அமைப்புகளில் Wi-Fi Scannerஐ ஆன் செய்தால் தெரியும். -75க்குக் கீழே இருந்து பதிலும் தாறுமாறாக இருந்தால் சந்தேகமே வேண்டாம்.

போனில் செய்ய வேண்டியது ஒரு சுவிட்ச்தான், ஒவ்வொரு கம்பெனியும் அதை ஒவ்வோர் இடத்தில் ஒளித்துவைத்திருக்கிறது. சாம்சங்கில் வைஃபை பக்கத்தின் மூன்று புள்ளியைத் தொட்டால் Intelligent Wi-Fi வரும், அதற்குள் Switch to mobile data. மற்ற ஆண்ட்ராய்டு போன்களில் அமைப்புகளின் தேடல் பெட்டியில் switch to mobile data என்றோ Wi-Fi assistant என்றோ தட்டினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். ஐபோனில் மொபைல் டேட்டா பக்கத்தில் எல்லா ஆப்பும் முடிந்து அடிமட்டத்தில் Wi-Fi Assist இருக்கும். மாற்றம் சட்டென்று நடக்க, ஆண்ட்ராய்டின் Developer options பகுதியில் Mobile data always active ஆனில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளலாம். வைஃபையில் இருக்கும்போதே மொபைல் இணைப்பைத் தயாராக வைத்திருப்பது அதன் வேலை. பேட்டரி கொஞ்சம் கூடுதலாகப் போகும்.

இந்தச் சுவிட்ச் எல்லாவற்றையும் காப்பாற்றும் என்று நம்பிவிடக் கூடாது. ஆப்பிளே இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. திரையில் திறந்திருக்கும் ஆப்புக்குத்தான் Wi-Fi Assist உதவும், பின்னணியில் ஓடுவதற்கு உதவாது. ரோமிங்கில் வேலை செய்யாது. பாட்டு, வீடியோ ஓட்டும் சில ஆப்களுக்கும் கை கொடுக்காது. ஐபோன்காரர்களுக்கு இதைவிட உருப்படியான வழி ஒன்று உண்டு. வெளியே கிளம்பும்போது திரையில் விரலை இழுத்து வரும் கண்ட்ரோல் சென்டரில் வைஃபையைத் தட்டினால் அது அணைவதில்லை, இப்போதைக்கு இணைப்பை மட்டும் விடுகிறது. வேறு இடத்துக்குப் போனாலோ மறுநாள் காலை 5 மணி ஆனாலோ தானே பழையபடி இணைந்துகொள்ளும். மறுபடி ஆன் செய்ய மறந்து டேட்டா தீர்ந்துபோகும் கவலை இல்லை.

பழைய ஹோட்டல், காபிக்கடை, ரயில் நிலையம் என்று எப்போதோ சேர்ந்த வைஃபைகள் போனின் நினைவில் கிடந்தால், அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் தானே ஒட்டிக்கொள்ளும். அவற்றை Forget செய்துவிடலாம், வேண்டுமென்றால் தானே இணைவதை மட்டும் நிறுத்தலாம்.

உண்மையான மருந்து போனில் இல்லை, ரவுட்டரில் இருக்கிறது, அதுவும் எதிர்பாராத திசையில். சிக்னல் எட்டவில்லை என்றதும் எல்லோருக்கும் வரும் யோசனை பெரிய ஆன்டெனா வைத்த, பலம் கூடிய ரவுட்டர் வாங்குவது. அதனால் வாசல் பிரச்சினை கூடத்தான் செய்யும். ஒலிபெருக்கியின் சத்தம்தான் கூடுகிறது, போனின் குரல் கூடவில்லை. புதிய ஆன்டெனாவின் காதும் கொஞ்சம் கூர்மையாக இருக்கும் என்பது உண்மை. ஆனாலும் போன் கேட்டைத் தாண்டி அடுத்த வீடுவரை அறிவிப்பைக் கேட்டுக்கொண்டு, விடாமல் பிடித்துக்கொண்டே போகும்.

செய்ய வேண்டியது நேர் எதிர். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் Transmit power என்று இருந்தால் 2.4 கிகாஹெர்ட்ஸில் அதை ஒரு படி இறக்கிப் பார்க்கலாம். பாதியாக்கினால் 3 குறையும், கால் பங்காக்கினால் 6. மேலே போட்ட கணக்கில் அந்த 6தான் போனுக்கும் ரவுட்டருக்கும் இருந்த வித்தியாசம். அதை இறக்கியதும் இருவரும் ஒரே குரலில் பேசத் தொடங்குகிறார்கள். ரவுட்டர் கேட்காத இடத்தில் போனுக்கும் பீக்கன் கேட்காது, கேட்டுக்கு வரும்போது அதுவாகவே கைவிட்டு டவருக்குப் போய்விடும்.

அதே பக்கத்தில் Mode என்ற இடத்தில் b/g/n என்று இருந்தால் bயை எடுத்துவிடுவது இரண்டாவது மாற்றம். பெரும்பாலான ரவுட்டர்களில் அதோடு 1997இன் 1 மெகாபிட் வேகம் போய், பீக்கன் 6 மெகாபிட்டுக்கு ஏறிவிடும். வேகம் ஏறினால் எட்டும் தூரம் குறையும் என்பதால் அறிவிப்பின் எல்லை வேலை நடக்கும் எல்லையை நெருங்கிவரும். காற்றும் கொஞ்சம் காலியாகும், ஒவ்வோர் அறிவிப்பும் பிடிக்கும் நேரம் குறைவதால். ஒரு எச்சரிக்கை. வீட்டில் மிகப் பழைய பிரின்டரோ மலிவான வைஃபை பல்போ இருந்தால் அது b மட்டும் தெரிந்ததாக இருக்கலாம். மாற்றியதும் அது காணாமல் போனால் காரணம் இதுதான். இரண்டு மாற்றங்களையும் ஒரே நாளில் செய்யாமல் ஒன்றைச் செய்து, வீட்டின் கடைசி அறையில் இன்னும் -70க்கு மேல் கிடைக்கிறதா என்று பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போவது நல்லது. கடைசி அறையே -75 என்றால் பலத்தைக் குறைக்கக் கூடாது. அந்த வீட்டுக்குத் தேவை இன்னொரு வைஃபை புள்ளி.

அங்கேதான் பலர் ஆயிரம் ரூபாய்க்கு ஒரு ரிப்பீட்டரை வாங்கி, சிக்னல் கிடைக்காத அறையிலேயே செருகிவிடுகிறார்கள். போனில் முழு பாயிண்ட் வந்துவிடும், வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருக்கும். போன் பார்ப்பது இரண்டடி தள்ளி இருக்கும் ரிப்பீட்டரை. அந்த ரிப்பீட்டருக்கு ரவுட்டர் -80இல் கேட்டுக்கொண்டிருப்பது போனுக்குத் தெரிய வழியில்லை. பலவீனமான வைஃபையையாவது ஆண்ட்ராய்டு ஒரு கட்டத்தில் கைவிடும். பாயிண்ட் நிறைந்த வைஃபையை அது எளிதில் விடாது. ரிப்பீட்டர் வைத்தே ஆகவேண்டும் என்றால் ரவுட்டரின் சிக்னல் இன்னும் -60களில் கிடைக்கும் பாதிவழியில் வைக்க வேண்டும். முடிந்தால் ரிப்பீட்டரே வேண்டாம். ஹாலிலிருந்து அந்த அறைக்கு ஒரு ஈதர்நெட் வயர் இழுத்து, பழைய ரவுட்டர் ஒன்றை ஆக்சஸ் பாயிண்ட்டாக மாற்றி, அதே பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்து, முதல் ரவுட்டர் சேனல் 1இல் இருந்தால் இதை 6இலோ 11இலோ வைத்துவிட்டால் போதும். இரண்டையும் குறைந்த பலத்திலேயே ஓட்டலாம்.